ஏழரையா, ஆறரையா? 'ஹாஃப் செவன்' சொல்லும் இரண்டு நேரங்கள்

2002ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தின் நடுப்பகுதி. போர்நிறுத்த உடன்படிக்கை எந்நாளும் கைச்சாத்தாகலாம் என்று கொழும்பின் ஆசிரியபீடங்கள் அனைத்தும் காத்திருந்த நாட்கள் அவை. நோர்வே நாட்டின் சமாதான முயற்சிகளைப் பற்றி நீண்டகாலமாக ஆராய்ந்துவந்த ஒஸ்லோப் பேராசிரியர் ஒருவரிடம் தொலைபேசிவழிச் செவ்வி ஒன்றுக்கு நான் நேரம் கேட்டிருந்தேன். அவரது ஆங்கிலம் திருத்தமானது. இலண்டனில் படித்தவரோ என்று எண்ணத் தோன்றும். "செவ்வாய்க்கிழமை மாலை ஹாஃப் செவன், உங்கள் நேரப்படி" என்றார். "ஹாஃப் செவன், நன்றி" என்று நானும் சொல்லிக்கொண்டு, குறிப்புப் புத்தகத்தில் பி.ப. 7.30 என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை மாலை சரியாக 7.30 மணிக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறை அழைத்தபோது துறை அலுவலகத்திலிருந்த ஒரு பெண்மணி எடுத்து, பேராசிரியர் அரைமணி நேரத்துக்கு மேலாகத் தொலைபேசியின் அருகிலேயே இருந்துவிட்டு விரிவுரைக்குப் போய்விட்டார் என்றார். எட்டரை மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். செவ்விக்கென்று ஒதுக்கிவைத்த நான்கு பத்தி இடத்தை ஒரு பெரிய புகைப்படத்தாலும் பழைய செய்தி ஒன்றாலும் நிரப்பினோம். அந்த இரவு பக்க வடிவமைப்பாளர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

பேராசிரியர் நேரந்தவறியவர் அல்லர், நானும் அல்லன். அவர் சொன்ன 'ஹாஃப் செவன்' மாலை 6.30. நான் கேட்ட 'ஹாஃப் செவன்' மாலை 7.30. ஒரே இரண்டு சொற்களுக்குள் முழுதாக ஒரு மணித்தியாலம் மறைந்திருந்தது. அது எப்படி அங்கே வந்து ஒளிந்துகொண்டது என்று அன்று தொடங்கிய தேடல்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பிரித்தானியரின் வழக்கைப் பார்ப்போம். பாடசாலையில் நாம் கற்றது 'ஹாஃப் பாஸ்ட் செவன்'. ஏழு மணி கடந்து அரைமணி, அதாவது 7.30. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பேச்சு விரைவில் நடுவிலிருந்த 'பாஸ்ட்' உதிர்ந்துபோயிற்று. 'கடந்து' என்ற சொல் போனாலும் அதன் பொருள் போகவில்லை. எனவே இலண்டன்வாசி ஒருவருக்கு 'ஹாஃப் செவன்' என்றால் ஐயமின்றி 7.30தான். இப்படியொரு குறுக்கம் அமெரிக்கர் வாயில் வருவதில்லை. அவர்கள் 'செவன் தேர்ட்டி' என்பார்கள், அல்லது முழுமையாக 'ஹாஃப் பாஸ்ட்' என்பார்கள். அமெரிக்கரிடம் 'ஹாஃப் செவன்' என்று சொன்னால் அவர் ஒரு கணம் விழிப்பார். பிறகு தமக்குத் தெரிந்த ஏதோ ஒரு பொருளைக் கற்பித்துக்கொள்வார். ஏழில் பாதி மூன்றரை என்று கணக்குப் போட்டுச் சிரிப்பவர்களும் உண்டு.

ஆனால் ஜேர்மனியரிடம் போனால் 'ஹால்ப் ஸீபன்' 6.30. நெதர்லாந்தில் 'ஹால்ஃப் ஸேவன்', அதுவும் 6.30. நோர்வேயிலும் சுவீடனிலும் டென்மார்க்கிலும் அவ்வாறே. தென்னாபிரிக்காவின் ஆபிரிக்கான்ஸ் மொழி டச்சு மொழியின் வழித்தோன்றல் ஆதலால் அங்கும் அதுவே. ஆபிரிக்கான்ஸ் பேசி வளர்ந்த ஒருவர் ஆங்கிலத்தில் 'ஹாஃப் செவன்' என்றால், எந்த மொழியின் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேட்டுத்தான் அறிய வேண்டும். இந்த மொழிகள் எல்லாம் ஆங்கிலத்தின் நெருங்கிய உறவினர். சொற்களும் ஏறத்தாழ ஒன்றே. 'ஹாஃப்', 'ஹால்ப்', 'ஹல்வ்' என்பன ஒரே தாயின் பிள்ளைகள். அதுதான் ஆபத்து. முற்றிலும் வேறான சொல்லாக இருந்தால் ஒருவர் நின்று யோசிப்பார். ஒன்றுபோல் தோன்றும் சொல்லை யாரும் சந்தேகிப்பதில்லை.

நாம் வியக்கவேண்டிய இடம் ஸ்கொட்லாந்து. ஆங்கிலம் பேசும் பிரித்தானியத் தீவிலேயே, பழைய ஸ்கொட்ஸ் வழக்கில், 'ஹாஃப்' என்ற சொல்லை ஒரு மணியின் முன்னால் வைத்தால் அந்த மணிக்கு முந்திய அரைமணியையே குறித்தது. ஸ்கொட்ஸ் மொழி அகராதியைப் புரட்டினால் இந்தப் பொருள் அங்கே பதிவாகியிருப்பதைக் காணலாம். பொது ஆங்கிலத்தின் செல்வாக்கினால் அது மங்கிப்போயிற்று. இன்று கிளாஸ்கோ நகரத்து இளைஞர் ஒருவர் சொல்லும் 'ஹாஃப் செவன்' இலண்டன்காரருடையதைப் போல 7.30 ஆகவே இருக்கும். ஆனால் பழைய ஸ்கொட்டிஷ் கடிதம் ஒன்றிலோ நாட்குறிப்பிலோ அதே சொல்லைக் கண்டால் உடனே 7.30 என்று பெயர்த்துவிடுவது பிழை. அக்கம்பக்கத்தில் வேறு சான்று தேடவேண்டும். சூரியன் மறைந்ததா, எந்த வண்டிக்குப் போனார்கள், தொழுகை எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பன போன்ற குறிப்புகள்தான் அங்கே தீர்ப்புச் சொல்லும்.

சரி, ஏழு என்று பெயர் சொல்லிவிட்டு ஆறரையைக் குறிப்பது என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் அது தலைகீழாகவே பட்டது. ஆனால் நம் வீடுகளிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டால், "ஏழு நடக்கிறது" என்று பாட்டி சொல்வார். ஆறு பூர்த்தியாகி ஏழாவது ஆண்டுக்குள் பிள்ளை கால்வைத்திருக்கிறது என்பது அதன் பொருள். நடக்கும் ஏழில் பாதி கடந்திருந்தால் பிள்ளையின் வயது ஆறரை, ஏழரை அல்ல. நூற்றாண்டுக் கணக்கும் இப்படியே. இருபதாம் நூற்றாண்டின் பாதி என்றால் 1950ஐச் சொல்கிறோம், 2050ஐ அல்ல.

மணியையும் அவ்வாறு எண்ணிப் பாருங்கள். ஏழாம் மணி என்பது கடிகார முகத்தில் உள்ள ஒரு புள்ளி அல்ல. ஆறிலிருந்து ஏழு வரை நீளும் ஒரு துண்டு. அந்தத் துண்டில் பாதி கழிந்தால் 6.30. உரோமர்கள் பகற்பொழுதைப் பன்னிரண்டு கூறாக்கி முதலாம் மணி, இரண்டாம் மணி என்று எண்ணியபோது, மணி என்பது இத்தகைய துண்டாகத்தான் இருந்தது. ரஷ்ய மொழியில் 6.30ஐச் சொல்லும் தொடர் இன்றும் 'ஏழாவதில் பாதி' என்றே அமைகிறது. கடிகாரம் மணியடிக்கும் கருவியாகி, அடித்த எண்ணே மணியின் பெயர் ஆனபோது, ஏழு ஒரு புள்ளியாகவும் ஆயிற்று. புள்ளியாகப் பார்ப்பவர் அதைக் கடந்து எவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்வார்: ஏழு கடந்து அரை. துண்டாகப் பார்ப்பவர் அதனுள் எவ்வளவு தூரம் போனோம் என்று சொல்வார்: ஏழில் அரை. இரண்டு கூட்டத்தாரும் தத்தம் கணக்கில் பிழையற்றவர்கள்.

துண்டுக் கணக்கின் முழு ஒழுங்கையும் காணவிரும்புவோர் கிழக்கு ஜேர்மனிப் பகுதிகளுக்கோ தெற்கு ஜேர்மனிக்கோ போகவேண்டும். அங்கே 'ஃபீர்ட்டல் ஸீபன்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் 'கால் ஏழு', நேரமோ 6.15. 'டிரைஃபீர்ட்டல் ஸீபன்', அதாவது 'முக்கால் ஏழு', 6.45. ஏழாவது மணி காற்பங்கு, அரைப்பங்கு, முக்காற்பங்கு என்று நிரம்பி, கடைசியில் முழு ஏழாகிறது. ஜேர்மனியின் ஏனைய பகுதிகளிலிருந்து போகிறவர்களே இதைக் கேட்டுத் தடுமாறுவதுண்டு. நெதர்லாந்துக்காரர் இன்னொரு வளைவையும் சேர்ப்பார். 6.25ஐ அவர் 'அரை ஏழுக்கு ஐந்து நிமிடம் முன்' என்பார். அவரிடம் 'ஹாஃப்' என்பது தனி ஊன்றுகோல். அதைச் சுற்றியே நிமிடங்களை எண்ணுகிறார்.

இந்தப் பழக்கம் கடிகாரத்தோடு பிறந்தது அல்ல. அதைவிட மிகப் பழையது. டேனிஷ் மொழியில் ஐம்பதுக்குரிய சொல்லைப் பிரித்தால், 'மூன்றாவதில் பாதி தடவை இருபது' என்று வரும். மூன்றாவதில் பாதி என்பது இரண்டரை. இரண்டரை இருபது ஐம்பது. அதே முறையில் எழுபது 'நாலாவதில் பாதி' இருபது. தொண்ணூறு 'ஐந்தாவதில் பாதி' இருபது. பழைய ஆங்கிலத்திலும் ஒன்றரையை 'இரண்டாவது பாதி' என்று சொல்லும் முறை இருந்தது. பின்னர் ஆங்கிலம் அதைக் கைவிட்டது, ஜேர்மன் வைத்துக்கொண்டது. உரோமரின் 'செஸ்டர்ஷியஸ்' நாணயத்தின் பெயரே 'மூன்றாவது பாதி' என்பதுதான். தொடக்கத்தில் அதன் பெறுமதி இரண்டரை 'ஆஸ்'.

ஐரோப்பாவில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பாளி அறிந்த நண்பர் ஒருவர் என் நினைப்பைத் திருத்தினார். சாமஞ்ஞபல சூத்திரத்தில் புத்தருடன் இருந்த பிக்குகளின் தொகை 'அட்டதேளஸ' நூறு என்று வருகிறது. இங்கே 'அட்ட' என்பது எட்டு அல்ல, பாதி. 'தேளஸ' பதின்மூன்று. பாதி-பதின்மூன்று நூறு எவ்வளவு? பதின்மூன்றில் பாதியாகிய ஆறரை நூறு என்று கணக்கிட்டால் 650 வரும். தமிழ்க் காதால் கேட்டுப் பதின்மூன்றரை என்று கொண்டால் 1350 வரும். இரண்டும் பிழை. பதின்மூன்றாவது நூறில் பாதி, எனவே பன்னிரண்டரை நூறு, 1250 பிக்குகள். அநுராதபுரத்து மடாலயங்களில் ஓதப்பட்ட அந்தத் தொகையும் ஒஸ்லோப் பேராசிரியர் சொன்ன நேரமும் ஒரே இலக்கணத்தால் ஆனவை.

ஹிந்தியில் இரண்டு முறைகளும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. இரண்டரையைக் குறிக்கும் 'டாயீ' என்ற சொல், 'மூன்றாவதில் பாதி' என்ற பொருளுடைய சமஸ்கிருதச் சொல்லின் தேய்வு. ஆனால் ஏழரைக்கு 'ஸாடே ஸாத்' என்கிறார்கள். அது 'பாதியுடன் கூடிய ஏழு'. பேசுகிறவர்கள் எவரும் இதைப் பற்றி நினைப்பதில்லை.

தமிழில் இந்தக் குழப்பம் இல்லை. ஆறரை என்றால் ஆறும் அரையும். ஏழரைச் சனி என்றால் ஏழரை ஆண்டு. அதை ஆறரை ஆண்டாகக் குறைத்துத் தருவதற்குச் சோதிடர் எவரும் சம்மதிக்கமாட்டார். சிங்களத்திலும் 'ஹயஹமார' என்றால் ஆறும் அரையும்தான். ஆகவே நம்மவர் காதில் 'ஹாஃப் செவன்' விழுந்தவுடன் அது தானாகவே 'ஏழரை' ஆகிவிடுகிறது. பிரித்தானிய வழக்கும் அதை ஆமோதிக்கிறது. நான் அன்று சந்தேகிக்காமல் போனதற்கு இது ஒரு காரணம்.

இன்று நம் குடும்பங்கள் சிதறிக் கிடக்கும் நாடுகளை எண்ணிப் பாருங்கள். தம்பி இலண்டனில், அக்கா ஸ்டுட்கார்ட்டில், பெரியப்பாவின் மகன் பேர்கனில், மச்சாள் ரொறன்ரோவில். பெரியவர்கள் தமிழில் பேசும்வரை வில்லங்கம் இல்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசி ஒரு நேரத்தைக் குறிக்கும்போதுதான் பேராசிரியரின் கதை மீண்டும் அரங்கேறுகிறது. ஸ்டுட்கார்ட் பிள்ளை 'ஹாஃப் செவன்' என்று சொல்லி 6.30க்கு வந்து நிற்கும். இலண்டன் பிள்ளை 7.30க்கு வந்து, "ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய்?" என்று கேட்கும்.

இனி, இதை எப்படித் தவிர்ப்பது? நான் செய்த முதற்பிழை 'ஹாஃப் செவன்' என்பதைக் கேட்டது அல்ல. அதையே திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொண்டதாக நினைத்ததுதான். ஒருவர் சொன்ன சொல்லை அப்படியே திருப்பிச் சொன்னால் காது சரியாகக் கேட்டதா என்பது மட்டுமே தெரியவரும். பொருள் ஒன்றா என்பது தெரியவராது. அவரும் 'ஆம்' என்பார், நாமும் 'ஆம்' என்போம், இரண்டு 'ஆம்'களுக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் கிடக்கும். வேறு உருவத்தில் திருப்பிச் சொல்லவேண்டும். "சிக்ஸ் தேர்ட்டியா?" என்று நான் கேட்டிருந்தால் அவர் ஆம் என்றிருப்பார், "செவன் தேர்ட்டியா?" என்று கேட்டிருந்தால் உடனே மறுத்திருப்பார். மணியின் எண்ணும் நிமிடத்தின் எண்ணும் அடுத்தடுத்து வரும்போது எந்த நாட்டவருக்கும் அது ஒரே நேரம்தான்.

செய்தியாளர்களுக்கு இன்னொன்று. ஒருவர் 'ஹாஃப் செவன்' என்று சாட்சியம் சொன்னால், குறிப்பில் அந்தச் சொல்லை அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் எண்ணைக் கேட்டு எழுதுங்கள். கேளாமல் 7.30 என்று எழுதிவிட்டால், மூலச்சொல் அழிந்துவிடும். பிழை நேர்ந்திருந்தாலும் பின்னர் எவராலும் கண்டுபிடிக்க முடியாது. என் குறிப்புப் புத்தகத்தில் 7.30 மட்டுமே இருந்தது. பேராசிரியர்தான் என்னை ஏமாற்றினார் என்று முதல்நாள் இரவு நான் நம்பியதற்கு அந்த எண்ணே சாட்சி.

எழுத்தில் இருபத்துநான்கு மணி முறையே பாதுகாப்பானது. 18:30 என்று எழுதினால் காலையா மாலையா என்ற கேள்வியும் 'பாதி' பற்றிய கேள்வியும் ஒன்றாகத் தீர்ந்துவிடுகின்றன. காலை நேரத்துக்கு 6:30 என்று வெறுமனே எழுதாமல், முன்னால் பூச்சியம் இட்டு 06:30 என்று எழுதவேண்டும்; அந்தப் பூச்சியம்தான் இது இருபத்துநான்கு மணிக் கணக்கு என்று வாசிப்பவருக்குச் சொல்கிறது. நாம் பத்திரிகைகளில் 6.30 என்று புள்ளி வைத்து எழுதிப் பழகிவிட்டோம்; நம்மவருக்குள் அதனால் கேடில்லை. ஆனால் அந்நியருக்கு எழுதும்போது முக்காற்புள்ளி இடுவது நல்லது. புள்ளி தசமமாகத் தோன்றி 6.5ஐயும் 6.30ஐயும் குழப்பிக்கொண்ட கணக்குப்பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். நள்ளிரவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சனிக்கிழமை நள்ளிரவு என்றால் அது சனி தொடங்கும் நேரமா, முடியும் நேரமா என்று யாரும் உறுதியாகச் சொல்லமாட்டார்கள். 23:59 அல்லது 00:01 என்று எழுதி அருகில் திகதியையும் இடுவது தகும்.

கடல்கடந்த சந்திப்பானால் இடமும் வேண்டும். எங்கள் நாட்டுக்கு இதில் தனிக் கதை உண்டு. 1996 மே மாதம் இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னோக்கி நகர்த்தப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் அரைமணி பின்னோக்கி வந்தன. 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய ஐந்தரை மணிக் கணக்குக்குத் திரும்பின. இடைப்பட்ட ஆண்டுகளில் வன்னியில் பழைய நேரமே நடந்தது. ஒரே தீவில், ஓமந்தையைத் தாண்டினால் கைக்கடிகாரத்தை அரைமணி திருப்பவேண்டிய காலம் அது. 'இலங்கை நேரம்' என்று மட்டும் எழுதுவது அன்று போதாது. சர்வதேசப் பொதுநேரத்திலிருந்து எத்தனை மணி வித்தியாசம் என்பதையும் எழுதினால்தான் அந்த நேரம் தனித்து நிற்கும். 1988இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்ற நியமம் இதற்கு ஒரு வடிவம் வகுத்திருக்கிறது. நான் தவறவிட்ட செவ்வியின் நேரத்தை அதன்படி எழுதினால் இவ்வாறு வரும்:

```
2002-02-12T18:30+06:00
```

ஆண்டு, மாதம், திகதி, பின்னர் நேரம், கடைசியில் அன்றைய கொழும்பு பொதுநேரத்துக்கு ஆறு மணி முந்தியிருந்தது என்ற குறிப்பு. ஆறைக் கழித்தால் பொதுநேரம் 12:30. குளிர்கால ஒஸ்லோவுக்கு ஒன்றைக் கூட்டினால் 13:30. பேராசிரியர் மதிய உணவு முடித்து வந்து அமர்ந்த நேரம் அது. நான் அழைத்தபோது அங்கே 14:30. விரிவுரை தொடங்கி அரைமணி ஆகியிருந்தது. இன்றைய கொழும்பின் 18:30 ஆனால், ஒஸ்லோவில் குளிர்காலத்தில் 14:00, கோடையில் 15:00. ஆண்டும் பருவமும் மாறினால் விடையும் மாறும். எனவேதான் கடிதத்தில் இரண்டு ஊர்களின் நேரத்தையும் நான் எழுதிவிடுகிறேன். ஒன்றில் கணக்குப் பிழைத்தால் மற்றொன்றுடன் பொருந்தாது. பெறுபவர் உடனே கேட்பார். திருமண அழைப்பிதழுக்கு அந்த இயந்திர வடிவம் அழகாக இராது என்பது உண்மை. அங்கே "மாலை 6.30 மணி (18:30), இலண்டன் நேரம்" என்றாலே போதும்.

அடுத்தநாள் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன். இம்முறை 'ஹாஃப்' என்ற சொல்லே அதில் இல்லை. "வியாழக்கிழமை, 14 பெப்ரவரி 2002, கொழும்பு 18:30, ஒஸ்லோ 13:30" என்று மட்டும் எழுதியிருந்தேன். பதில் ஒரே வரியில் வந்தது: "சரி. நீங்கள் ஆங்கிலேயரைப் போல எண்ணுகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்." வியாழன் மாலை முதல் மணியிலேயே தொலைபேசியை எடுத்தார். நாற்பது நிமிடம் பேசினோம். செவ்வி வெள்ளிக்கிழமை வெளியாயிற்று, இரண்டு நாள் தாமதமாக.